வங்கி ஆப் தானாகத் திறந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இணையத்தில் 740 பவுண்டுக்கு ஒரு சோபா ஆர்டர் செய்யப் போனேன். பணம் கட்டும் இடத்தில் 'Pay by bank' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் கார்டு நம்பரே கேட்கவில்லை, நேராக என் வங்கி ஆப் திறந்துகொண்டது. பயந்துபோய் மூடிவிட்டேன். என் வங்கி பாஸ்வேர்டு கடைக்குப் போய்விடுமா? இப்படிப் பணம் கட்டலாமா?

பதில்: பாஸ்வேர்டு போகாது. நீங்கள் பயந்த அந்த இடம்தான் இந்த முறையிலேயே பத்திரமான இடம். இருந்தாலும், அந்தச் சோபாவுக்கு முழுப் பணத்தையும் இப்படிக் கட்டச் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் வேறு. முதலில் திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

கடைக்கும் உங்கள் வங்கிக்கும் நடுவில் ஒரு பணப்பரிமாற்ற நிறுவனம் இருக்கிறது. பிரிட்டனில் இந்த ஏற்பாடு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த வேலையைச் செய்ய அந்த நிறுவனம் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏவிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் வங்கிகளின் பட்டியல் வரும். உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால், யாருக்கு, எவ்வளவு, என்ன குறிப்பு எண் என்று ஒரு சுருக்கப் பக்கம் காட்டுவார்கள். நீங்கள் தொடரச் சொன்னதும், "இந்தக் கணக்குக்கு 740 பவுண்டு, வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கை உங்கள் வங்கிக்குப் போகும். உங்கள் ஆப் திறப்பது அந்தக் கேள்வியைக் கேட்கத்தான்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில். கைரேகையோ முகமோ ரகசிய எண்ணோ, வழக்கமாக எப்படி ஆப்பில் நுழைவீர்களோ அப்படியே நுழைகிறீர்கள். எந்தக் கணக்கிலிருந்து என்று தேர்ந்தெடுத்து, தொகையையும் பெறுபவர் பெயரையும் பார்த்து, ஒப்புதல் தருகிறீர்கள். நடுவில் இருக்கும் நிறுவனத்துக்குத் திரும்பிப் போவது "ஒப்புக்கொண்டார்" அல்லது "மறுத்துவிட்டார்" என்ற பதிலும், பணம் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும்தான். நீங்கள் கொடுத்த ஒப்புதல் அந்த ஒரு தொகைக்கும் அந்த ஒரு பெறுநருக்கும் மட்டுமே செல்லும். அதை வைத்துக்கொண்டு நாளைக்கு இன்னொரு 740 பவுண்டை எடுக்க முடியாது. கார்டு நம்பரைப் பத்துக் கடைகளில் சேமித்து வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போலி எங்கே நுழையும் என்றால், வங்கிக்குத் தாவும் அந்த நொடியில். உங்கள் போனில் வங்கி ஆப் இருக்கும்போது, ஆப் திறக்காமல் பிரவுசரிலேயே வங்கி லோகோவுடன் ஒரு பக்கம் வந்து, பயனர் பெயர், முழு பாஸ்வேர்டு, ரகசிய வார்த்தை என்று வரிசையாகக் கேட்டால் மூடிவிடுங்கள். கம்ப்யூட்டரில் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கியூஆர் கோடு வரும். அதைப் போனில் ஸ்கேன் செய்தாலும் கடைசியில் திறக்க வேண்டியது உங்கள் ஆப்தான்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சமூக ஊடக ஆப்புக்குள்ளேயே கடையின் பக்கத்தைத் திறந்து வாங்கினால், வங்கிக்குத் தாவுவது பல நேரம் நடக்காது, அல்லது ஒப்புதல் கொடுத்த பின் திரும்பி வரும்போது வேறு பிரவுசர் திறந்து, கடைக்கூடை காலியாகக் கிடக்கும். அது மோசடி இல்லை, மோசமான மென்பொருள். பணம் கட்டும் முன் பக்கத்தை உங்கள் வழக்கமான பிரவுசரில் திறந்துகொண்டால் போதும்.

இப்போது, எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயம். ஒப்புதல் திரையில் பெறுபவர் பெயராகக் கடையின் பெயர் இருக்காமல் போகலாம். இந்த நடு நிறுவனங்கள் வாங்குபவரின் பணத்தைத் தம் கையில் வைத்திருக்கவோ, தொகையையோ பெறுநரையோ மாற்றவோ கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் விதி. ஆனால் அதே நிறுவனம், வேறொரு அனுமதியின் பேரில், கடையின் சார்பாகப் பணம் வாங்கிக்கொள்ளும் கணக்கையும் நடத்தலாம். அப்போது திரையில் தெரிவது அந்த நிறுவனத்தின் பெயர். இன்னொன்று, கடைக்கு விளம்பரப் பெயர் ஒன்று இருக்கும், பதிவான கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். இரண்டுமே சட்டப்படி சரிதான். வாங்குகிறவருக்கு இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் எனக்குப் புரியாதது. கடைகள் சொல்வதில்லை, வங்கிகளும் சொல்வதில்லை. கடைசியில் நேர்மையான பணத்தைக் கட்டவும் பயம், மோசடிக்காரன் பெயரைக் கண்டாலும் "இப்படித்தான் வரும்போல" என்று அலட்சியம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆப் திறக்கும் முன் வந்த சுருக்கப் பக்கத்தில் எந்தப் பெயர் இருந்ததோ, அதே பெயர்தான் வங்கித் திரையிலும் இருக்க வேண்டும். தொகை பென்ஸ் வரை ஒத்துப்போக வேண்டும். பெயர் கடையுடையதாக இல்லையென்றால், கடையின் தளத்தில் விதிமுறைப் பக்கத்தில் அந்தக் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நடு நிறுவனத்தின் பெயர் என்றால் எஃப்சிஏயின் பதிவேட்டில் தேடுங்கள், register.fca.org.uk என்ற முகவரியில் இலவசமாகப் பார்க்கலாம். தனிமனிதர் ஒருவரின் பெயர் வந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள். சோபா விற்கும் கம்பெனியின் பணம் தனிமனிதர் கணக்குக்குப் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஒப்புதல் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது, இதை மனதில் வையுங்கள். பணம் பொதுவாகச் சில நொடிகளில் போய்விடும், சில சமயம் இரண்டு மணி நேரம் வரை ஆகும், மோசடிச் சந்தேகம் வந்தால் வங்கி இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும். கடையின் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தாலும், "பணம் வரவில்லை" என்று சொன்னாலும், உடனே மறுபடி அழுத்தாதீர்கள். ஒவ்வொரு ஒப்புதலும் தனித்தனிப் பணம். முதலில் வங்கி ஆப்பில் 740 பவுண்டு கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிந்திருந்தால் அந்தப் பதிவை, குறிப்பு எண் தெரியும்படி படம் பிடித்துக் கடைக்கு அனுப்புங்கள். கடை வங்கியைக் கேட்கச் சொல்லும், வங்கி கடையைக் கேட்கச் சொல்லும், நடு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தொலைபேசி எண்ணே இருக்காது. அந்தப் படம் கையில் இருந்தால்தான் இந்த அலைச்சல் குறையும்.

இனி, சோபாவுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருவோம். நீங்கள் ஒப்புதல் தராமலே பணம் போயிருந்தால் கவலை இல்லை. 13 மாதத்துக்குள், தெரிந்தவுடனே வங்கியிடம் சொல்ல வேண்டும், அடுத்த வேலை நாள் முடிவதற்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தவறு நடு நிறுவனத்துடையது என்றாலும் முதலில் உங்கள் வங்கிதான் தர வேண்டும், "அவர்களைப் போய்ப் பாருங்கள்" என்று தட்டிக்கழிக்கக் கூடாது. ஏமாற்றுக்காரன் பேச்சை நம்பி நீங்களே ஒப்புதல் கொடுத்திருந்தாலும், 2024 அக்டோபர் 7 முதல் வங்கி 85,000 பவுண்டு வரை ஈடு தர வேண்டும், அதில் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் கடை உண்மையானதாக இருந்து, ஆறு வாரத்தில் வரவேண்டிய சோபா வரும் முன்பே திவாலாகிவிட்டால்? அது மோசடி இல்லை, அதனால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு கம்பெனியும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. வங்கி வழி கட்டினால் அந்தக் கேடயம் கிடையாது. வங்கி வழி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று கடை ஆசை காட்டும். கார்டு கட்டணம் மிச்சமாவதாலும், பிறகு யாரும் பணத்தைப் பிடுங்கித் திருப்பிக் கேட்க முடியாததாலும்தான் அந்தத் தாராளம். உங்கள் கணக்கில் அது 37 பவுண்டு. ஆறு வாரம் 740 பவுண்டைப் பணயம் வைக்க அது போதாது.

இதற்கு ஒரு வழி உண்டு. முன்பணம் 50 பவுண்டை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டி, மீதி 690 பவுண்டை வங்கி வழியாகக் கட்டக் கடை சம்மதித்தால், அந்தப் பாதுகாப்பு முழு 740 பவுண்டுக்கும் உண்டு. ஒரு பகுதி கார்டில் போனாலே போதும் என்பதுதான் சட்டம். டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது.

பொருள் பின்னால் வர வேண்டியிராத இடங்களில் வங்கி வழியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எச்எம்ஆர்சிக்கு வரி கட்டுவது நல்ல உதாரணம். அவர்களுடைய தளத்தில் நீங்களே நுழைந்து கட்டினால் கணக்கு எண்ணும் குறிப்பு எண்ணும் தானாக நிரம்பிவிடும். கையால் தட்டச்சு செய்து ஓர் இலக்கம் மாறி, கட்டிய வரி எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும் தலைவலி இல்லை.

"நீங்களே நுழைந்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வரிக்கணக்குப் போட்டுத் தருகிறேன், வாடகைக்கு அறை பிடித்துத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்கள் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிவிட்டு, லைனிலேயே இருந்துகொண்டு "அப்ரூவ் அழுத்துங்க, அப்ரூவ் அழுத்துங்க" என்று அவசரப்படுத்துவார்கள். லிங்க் உண்மையானதாகவே இருக்கும், திறப்பதும் உங்கள் சொந்த வங்கி ஆப்தான். போய்ச் சேரும் கணக்கு மட்டும் அவருடையது. இன்னொரு தந்திரம், "உங்களுக்குப் பணம் திருப்பி அனுப்புகிறோம், ஆப்பில் ஒப்புதல் கொடுங்கள்" என்பது. பணம் வாங்குவதற்கு யாரும் ஒப்புதல் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டன் வெளியே அனுப்ப மட்டும்தான்.

கை தவறி அழுத்திவிட்டால், அந்த ஆளிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். போனை வைத்துவிட்டு 159 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் வங்கிக்கு இணைப்பார்கள். வங்கி ஈடு தர மறுத்தாலோ 15 வேலை நாளில் இறுதிப் பதில் தராவிட்டாலோ, நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். சில சிக்கலான புகார்களுக்கு மட்டும் வங்கிக்கு 35 வேலை நாள் வரை அவகாசம் உண்டு.