சீனச் செயலியின் தனியுரிமைப் பக்கத்தில் எந்தச் சுவிட்சை அணைப்பது?

கேள்வி: புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் அலங்காரப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். சரக்கைச் சீன மொத்த விற்பனைச் செயலி ஒன்றில் பார்த்துத்தான் எடுக்கிறேன். அதன் தனியுரிமைப் பக்கம் முழுவதும் சீன எழுத்து. தரவுப் பகிர்வு சுவிட்சுகளில் எதை அணைக்கலாம், எதைத் தொட்டால் ஓடர் குழம்பும்?

பதில்: பக்கம் முழுவதையும் வாசிக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சுவிட்ச் உள்ள ஒவ்வொரு வரியிலும் இரண்டு விடயங்களை மட்டும் கண்டுபிடித்தால் போதும். அந்த வரி எதையாவது அனுமதிக்கிறதா அல்லது தடுக்கிறதா என்பது முதலாவது; தகவல் செயலிக்குள்ளேயே நிற்கிறதா, வெளியாருக்குப் போகிறதா என்பது இரண்டாவது. முதலாவதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்துக்குத் தள்ளிவிடுபவர்களே பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

允许 என்ற இரண்டு எழுத்துகள் வரியின் தலையில் இருந்தால் "அனுமதி" என்று பொருள். அத்தகைய வரியில் சுவிட்சை அணைப்பது உங்களைக் காக்கும். 关闭 (மூடு), 禁止 (தடைசெய்), 限制 (கட்டுப்படுத்து) ஆகியவற்றில் ஒன்று தலையில் இருந்தால் கணக்கு தலைகீழாகும். அங்கே சுவிட்ச் எரிந்துகொண்டிருப்பதுதான் பாதுகாப்பு. தலையில் இந்தச் சொற்கள் எதுவும் இல்லாமல் பாதுகாப்பைப் பேசும் வரிகளும் உண்டு. விற்பனையாளர்களோடு பேச நீங்கள் வைத்திருக்கக்கூடிய வீசாட்டில் 加我为朋友时需要验证 என்றொரு வரி இருக்கிறது. "என்னை நண்பராகச் சேர்க்கும்போது என் ஒப்புதல் வேண்டும்" என்பது அதன் பொருள். தரவுப் பகிர்வு என்று நினைத்து அதை அணைத்தால், வாசற்கதவின் தாழ்ப்பாளை நீங்களே கழற்றியதாகிவிடும். ஆகவே 验证 (சரிபார்ப்பு), 保护 (பாதுகாப்பு) என்ற சொற்கள் எந்த வரியில் தெரிந்தாலும் கையை நிறுத்தி, மொழிபெயர்த்துப் பார்த்த பின்னரே தொடுங்கள்.

மொழிபெயர்ப்பதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுப்பதே வழி, ஏனெனில் இத்தகைய பக்கங்களில் எழுத்தைப் பிரதியெடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆனால் கொடுக்கும் முன் உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம், முகவரி தெரியும் பகுதியை வெட்டிவிடுங்கள். தரவைக் காக்கப் போய் அதையே இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பதில் அர்த்தமில்லை. ஒரே தடவையில் முழுப் பக்கத்தையும் கொடுக்காமல் ஒவ்வொரு சுவிட்சையும் அதன் கீழுள்ள சிறிய சாம்பல் நிற விளக்கத்தோடு தனித்தனியாகக் கொடுங்கள். தலைப்பு நான்கைந்து எழுத்துத்தான் இருக்கும், இயந்திரம் அதைத் தனியே பார்த்துத் தடுமாறும். விளக்க வரியில்தான் எழுவாயும் செயப்படுபொருளும் இருக்கின்றன.

இனி உங்கள் செயலிக்கு வருவோம். கீழ் வரிசையின் வலது ஓரத்தில் 我的 என்றிருக்கும். அதைத் தொட்டு, பற்சக்கர அடையாளத்தின் வழியாக 设置 பக்கத்துக்குப் போனால், அங்கே 隐私 என்ற சொல் கொண்ட வரி கிடைக்கும். அதுதான் தனியுரிமை. உங்கள் தெருவிலேயே கடை வைத்திருக்கும் இன்னொரு வியாபாரியோடு சென்ற மாதம் ஒரு மாலை இதே பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அவருக்குத் தேவைப்பட்ட முதல் வரி 个性化推荐, அதாவது உங்கள் தேடல்களை வைத்துச் சரக்கைப் பரிந்துரைப்பது. இரண்டாவது 个性化广告, அதே விவரத்தை வைத்து விளம்பரம் காட்டுவது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. பரிந்துரை பெரும்பாலும் செயலிக்குள்ளேயே முடிகிற வேலை; விளம்பரத்திலோ வெளிக் கூட்டாளிகள் வந்து சேர்வார்கள். வளையலும் கிளிப்பும் தேடுபவருக்கு வளையலும் கிளிப்பும் முன்னே வருவது வியாபாரத்துக்கு உதவும் என்று அவர் முதலாவதை வைத்துக்கொண்டார்; அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். இரண்டாவதை அணைக்கச் சொன்னேன்.

தேடியும் இந்த வரி கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். 2021 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சீனாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் உறுப்புரை, தன்னியக்க முறையில் பரிந்துரையோ விளம்பரமோ அனுப்பும் நிறுவனம், தனிநபரின் இயல்புகளைச் சாராத ஒரு தெரிவையோ எளிதாக மறுக்கும் வழியையோ தர வேண்டும் என்கிறது. ஆகவே அது பெரும்பாலும் எங்கோ இருக்கும். 隐私 பக்கத்தில் இல்லாவிட்டால் 广告 (விளம்பரம்) என்ற சொல்லை 设置 பக்கத்திலும் தனியுரிமைக் கொள்கையின் உள்ளேயும் தேடுங்கள்.

அணைக்கும்போது ஒரு சிறு பெட்டி எழும்பும். என் பக்கத்தில் இருந்தவர் தவறியது அங்கேதான். 关闭后 என்று தொடங்கும் அந்த வாசகம், "மூடிய பின்னர் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது, பொருத்தம் மட்டும் குறையும்" என்ற பாணியில் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று செம்மஞ்சளில் பளிச்சென்று, மற்றது மங்கலாக. உறுதிசெய்வது நிறமான பொத்தான்தான் என்று பழகிய விரல் அதைத் தொட்டுவிட்டது. அதில் எழுதியிருந்ததோ 暂不关闭, "இப்போதைக்கு மூட வேண்டாம்". அணைப்பதற்கான 确定关闭 மங்கலான பக்கத்தில் இருந்தது. நிறத்தை நம்பாமல் 不 என்ற எழுத்தைத் தேடுங்கள். அது இருந்தால் "இல்லை" என்று பொருள். பெட்டி மறைந்த பின்னர் செயலியை முழுவதுமாக மூடி மறுபடி திறந்து, சுவிட்ச் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். விளக்க வரியில் 有效期 என்ற சொல்லும் ஓர் எண்ணோடு 个月 என்பதும் இருந்தால், நீங்கள் அணைத்தது அத்தனை மாதங்களுக்கு மட்டுமே செல்லும். திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போகிறது என்ற இரண்டாவது கேள்விக்கு விடை, சுவிட்சே இல்லாத ஒரு பக்கத்தில் இருக்கிறது. 2021 நவம்பரில் சீனத் தொழில் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சு விடுத்த அறிவித்தல் ஒன்றின் பின்னர், அங்குள்ள பெரிய செயலிகள் இரண்டு பட்டியல்களை அமைப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. 个人信息收集清单 என்பது உங்களிடமிருந்து திரட்டியவற்றின் பட்டியல். 第三方信息共享清单 என்பது மூன்றாம் தரப்பினருடன் பகிர்ந்தவற்றின் பட்டியல். இரண்டாவதில் நிறுவனப் பெயர்கள் நீளமாக ஓடும். அவற்றை விட்டுவிட்டு 目的 (நோக்கம்) என்ற சொல் உள்ள இடத்தை மட்டும் பாருங்கள். 支付 என்றால் பணம் செலுத்தல், 物流 என்றால் பொருள் அனுப்பல், 推送 என்றால் அறிவித்தல்கள். முதல் இரண்டும் இல்லாமல் ஓடர் நகராது, எனவே அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். 广告 என்று நோக்கம் எழுதப்பட்ட வரிகளே நீங்கள் அணைத்த சுவிட்சோடு தொடர்புடையவை.

முதல் பட்டியலைச் சோதனைக் கருவியாகவும் பயன்படுத்தலாம். பல செயலிகள் அதில் கடந்த ஏழு நாட்கள், ஒரு மாதம் என்று காலத்தைத் தெரிவு செய்து, எந்தத் தகவல் எத்தனை தடவை திரட்டப்பட்டது என்று காட்டுகின்றன. 位置 (இருப்பிடம்) என்ற வரியின் எண்ணை இன்று எழுதி வையுங்கள். அனுமதியை எடுத்துவிட்டு எட்டாவது நாள் கடந்த ஏழு நாட்களின் கணக்கைப் பார்க்கும்போதும் எண் வந்தால், அணைத்தது வேறொன்று.

அந்த அனுமதியை எடுக்கும் இடம் செயலிக்குள் இல்லை. 系统权限 என்ற வரியைத் தொட்டால் உங்கள் கைப்பேசியின் சொந்த அமைப்புப் பக்கத்துக்குப் போவீர்கள். அது நீங்கள் தெரிவுசெய்த மொழியில் இருக்கும் என்பதால் சிரமம் தீர்ந்தது. இருப்பிடமும் தொடர்பு இலக்கங்களும் (通讯录) இந்த வேலைக்குத் தேவையே இல்லை, இரண்டையும் மறுத்துவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் இலக்கங்கள் உங்களுடைய தரவு மட்டுமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். படங்களுக்கு முழு அனுமதிக்குப் பதிலாகத் தெரிவுசெய்த படங்கள் மட்டும் என்று கொடுத்தால், மாதிரிப் படத்தைப் போட்டு அதே சரக்கைத் தேடும் வசதி கெடாது.

நீங்கள் அஞ்சும் ஓடர் குழப்பம் வரக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், அதுவும் பாதுகாப்பின் பெயரில் வருகிறது. 号码保护 என்ற வசதி எரிந்தால் பொதியின் மீது உண்மையான தொலைபேசி இலக்கத்துக்குப் பதிலாகத் தற்காலிக இலக்கம் அச்சாகும். பெயரின் ஒரு பகுதியும் உடுக்குறிகளால் மறைக்கப்படலாம். வீட்டுக்குப் பொருள் வாங்கும் சீனருக்கு இது நல்லது. ஆனால் உங்கள் பொதி குவாங்சூவிலுள்ள சரக்கு முகவரின் களஞ்சியத்துக்கு அல்லவா போகிறது? பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் அடையாளக் குறியை எழுதித்தான் அவர்கள் பொதிகளைப் பிரிக்கிறார்கள் என்றால், அந்தக் குறியே மறைந்து பொதி யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றால் மட்டும் இதை அணையுங்கள்.

இதுவரை போன தகவல் திரும்பி வராது. 撤回同意 என்று ஒப்புதலை மீளப் பெற்றாலும், அதற்கு முன் நடந்த பயன்பாடு அந்தச் சட்டப்படி செல்லுபடியாகவே இருக்கும்.

கடைசியாக, 设置 பக்கத்தையோ அதிலுள்ள கணக்குப் பக்கத்தையோ சுற்றும்போது 退出登录, 注销账号 என்று இரண்டு வரிகளைக் காண்பீர்கள். முதலாவது வெறுமனே வெளியேறுவது. இரண்டாவது கணக்கையே அழிப்பது. கணினியில் 注销 என்ற சொல் வெளியேறுவதையும் குறிப்பதால் மொழிபெயர்ப்புச் செயலிகள் சில சமயம் இரண்டையும் ஒன்றாகவே சொல்லும். அப்படிச் சொன்னதை நம்பி, எழும்பிய பெட்டிகளையும் வாசிக்காமல் தொட்டுத் தொட்டு, மூன்று வருட ஓடர் விவரங்களோடு ஒரு கணக்கை நான் இழந்திருக்கிறேன். வெளியேற வேண்டுமென்றால் 退 என்ற எழுத்தில் தொடங்கும் வரியைத் தொடுங்கள்.