உருவத்தைக் கேலி செய்யும் கமெண்டுகள்: பேஜ் பார்த்துக்கொள்பவரிடம் கேள்வி பதில்

சின்னத்திரை நடிகைகள், தொகுப்பாளர்கள் சிலருடைய இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படம் ஏற்றுவதைவிட, அதன் கீழே வருவதைப் படிப்பதில்தான் பாதி நாள் போகிறது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திக்: அக்கா, முன்பின் தெரியாத ஒருத்தரோட பல்லையும் மூக்கையும் பத்தி எழுத எப்படித்தான் மனசு வருது?

எழுதுகிறவர் அந்த நடிகையிடம் பேசுவதாகவே நினைப்பதில்லை. அவருடைய பக்கத்திலேயே போய், "இவங்க ஏன் இப்படி ஆயிட்டாங்க?" என்றுதான் எழுதுவார். "நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க?" என்று நேராகக் கேட்பவர்கள் மிகவும் குறைவு. அதாவது பேச்சு மற்ற கமெண்ட்காரர்களோடு நடக்கிறது. அவர்கள் சிரிக்க வேண்டும், லைக் போட வேண்டும். நடிகை அங்கே ஆளே இல்லை, வெறும் பேச்சுப்பொருள்.

உரிமை எங்கிருந்து வருகிறது என்றால், பழக்கத்திலிருந்து. தினமும் ராத்திரி வீட்டுக் கூடத்துக்கு வந்துபோகிற முகம் அது. கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா "என்னடி இப்படிக் கறுத்துட்ட" என்று கேட்பதுபோல, இவர்களும் உறவுக்காரர் உரிமையில் கேட்கிறார்கள். ஆனால் பெரியம்மாவுக்கு எதிரில் அந்தப் பெண்ணின் முகம் வாடுவது தெரியும், பேச்சை மாற்றிக்கொள்வார். போனில் முகம் வாடுவது தெரியாது, லைக் ஏறுவது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி எழுதுகிற எல்லோரும் பிறவி வக்கிரக்காரர்கள் இல்லை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆட்களிடம் சில புதிர்களைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு கட்டுரையின் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். புதிர் சுலபமாக இருந்து, மேலே ஏற்கெனவே இருந்த கருத்துகளும் ஒழுங்காக இருந்தபோது 35 சதவீதம் பேர் மோசமாக எழுதினார்கள். கடினமான புதிரால் எரிச்சலாகி, மேலே இருந்த கருத்துகளும் மோசமாக இருந்தபோது அது 68 சதவீதம் ஆனது. என் அனுபவமும் அதுதான். முதல் நாலைந்து கமெண்ட் எப்படி அமைகிறதோ அப்படித்தான் மீதியும் போகும்.

செல்வம்_திருச்சி: எல்லாத்துக்கும் காரணம் ஃபேக் ஐடி. கணக்கு தொடங்க ஆதார் கட்டாயம்னு சட்டம் போட்டா ஒரே நாள்ல அடங்கிடும்.

பாதி சரி. பெயர் தெரியாது என்கிற தைரியம் ஒரு காரணம்தான், குறிப்பாக மிரட்டலிலும் ஆபாசத்திலும். ஆனால் தென்கொரியா இதைச் செய்தே பார்த்துவிட்டது. 2007-இல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். வசை அடங்கவில்லை. 2011-இல் ஒரு நிறுவனத்திடமிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. பிறகு 2019 அக்டோபரில் பாடகி சல்லி 25 வயதில் இறந்தார். அவர் பல வருடங்களாக இணைய வசவுக்கு ஆளானவர். அதன் பிறகு டாவும் என்கிற தளமும், 2020 மார்ச்சில் நேவரும் சினிமா, பொழுதுபோக்குச் செய்திகளின் கீழே கருத்துப் பகுதியையே மூடின. எழுதுகிறவர் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுதும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். அப்போதும் கொஞ்சப் பேர் வேறு தளங்களுக்கு நகர்ந்தார்கள்தான்.

நம்மூரில் பாருங்கள். சொந்தப் பெயர், குழந்தையோடு எடுத்த புரொஃபைல் படம், ஊர், வேலை எல்லாம் போட்டுக்கொண்டேதான் ஒரு பெண்ணைக் "கிழவி" என்கிறார்கள்.

பிரபு: மேடம், அழகைக் காட்டித்தானே சம்பாதிக்கிறாங்க? டிக்கெட் காசு குடுத்தவன் குறை சொல்லக் கூடாதா?

படத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள். நடிப்பு எடுபடவில்லை, அந்தப் பாத்திரத்துக்கு இவர் பொருந்தவில்லை, மேக்கப் சரியில்லை என்பதெல்லாம் வேலையைப் பற்றிய பேச்சு. நான் அவற்றை நீக்குவதே இல்லை. உடம்பு அப்படி இல்லை. அது ஏன் மாறியது என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 ஏப்ரலில் ஒரு வீடியோ போட்டார். கோவிட் சமயத்தில் மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பு உபகரணங்கள் கொடுப்பது பற்றிய வீடியோ. அவர் மிகவும் மெலிந்திருந்ததைப் பார்த்து இஷ்டத்துக்குக் கிண்டல் செய்தார்கள். 2016-இலிருந்தே அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்தது. வெளியே சொல்லவில்லை. சிகிச்சைக்கு நடுவிலேதான் நடித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். டிக்கெட் காசில் அவருடைய மருத்துவ அறிக்கையும் சேர்த்தி இல்லையே.

பிரபு: அதுக்காக எல்லாருக்கும் நோய்னு நினைச்சுக்க முடியுமா?

வேண்டாம். நோயே இல்லாமல் வெறுமனே எடை கூடியிருந்தாலும் அது அவர் உடம்புதான். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று தோன்றுகிறது. சரி, அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

ரம்யா: நானும் ஒருத்தருக்கு பேஜ் பாக்குறேன். திடீர்னு கூட்டமா வந்து விழுந்தா முதல்ல என்ன செய்யணும்?

ஒரு சம்பவத்தையே சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஒரு சீரியல் நடிகை முதல் படத்தைப் போட்டார். மாலை ஏழு மணி. பத்து நிமிடத்தில் "அம்மாவா பாட்டியா?" என்று ஒரு கமெண்ட், அதற்கு லைக் ஏறுகிறது. அதன் கீழே யானை, பன்றி எமோஜிகள் வரிசைகட்டுகின்றன.

முதலில் அந்த ஒரு கமெண்டை எடுத்தேன். லைக் ஏறினால் அது மேலே போய் நிற்கும், பார்க்கிறவர்களெல்லாம் அதே தொனியைப் பிடித்துக்கொள்வார்கள். எழுதினவரை Block செய்யவில்லை, Restrict போட்டேன். Block செய்தால் உடனே தெரிந்துவிடும். "என்னைப் பார்த்துப் பயந்துட்டாங்க" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருமையாகப் போடுவார். Restrict போட்டால் அவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். யாரும் சிரிக்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்விடுவார்.

அடுத்து, பின்தொடராதவர்களும் புதிதாகப் பின்தொடர்ந்தவர்களும் போடும் கமெண்டுகளை Limited interactions வழியாக நிறுத்திவைத்தேன். கூட்டம் பெரும்பாலும் அவர்கள்தான். பிறகு Hidden Words பட்டியல். இங்கேதான் தமிழுக்குத் தனி உழைப்பு. "குண்டு" என்று ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. kundu, gundu, "குண்டாயிட்ட", "குண்டம்மா" என்று எழுதுகிற விதத்தையெல்லாம் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும், எமோஜிகளையும்தான். ஆனால் "கறுப்பு" என்று சேர்த்தால் "கறுப்புப் புடவை சூப்பர் அக்கா" என்பதும் மறைந்துபோகும். அதனால் தனிச் சொல்லைவிட இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த தொடராகப் போடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை நான் பிந்தித்தான் செய்ய முடிந்தது. போன் அந்த நடிகையின் கையில் இருந்தது. தங்கையிடம் வாங்கி வைக்கச் சொன்னேன், கொடுத்துவிட்டார். ஆனால் வேறு ஒரு பெயரில் வைத்திருந்த கணக்கிலிருந்து விடிய விடியப் படித்திருக்கிறார். நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள். "படிக்காதே" என்றால் யாராலும் படிக்காமல் இருக்க முடிவதில்லை. அதனால் இப்போது நான் அப்படிச் சொல்வதில்லை. நாளைக்குக் காலையில் நானே வந்து சொல்கிறேன், வேலைக்குத் தேவையானதை மட்டும் படித்துக்காட்டுகிறேன் என்கிறேன். யாரோ ஒருவர் முழுவதையும் பார்க்கிறார் என்று தெரிந்தால் தேடிப்போவது குறைகிறது.

எங்கள் கைக்கு எட்டாததும் உண்டு. மறுநாள் ஒரு மீம் பக்கம் அந்த முதல் கமெண்டைப் படத்தோடு எடுத்துப் போட்டது. அது சுற்றிச் சுற்றி அவர்களுடைய குடும்ப வாட்ஸப் குரூப்புக்கே வந்தது. அனுப்பினது சொந்தச் சித்தப்பா, சிரிக்கும் எமோஜியோடு. ஆயிரம் பேர் எழுதினதைவிட அதுதான் அவரை அதிகம் நோகடித்தது. அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது.

சுமதி: அக்கா, நான் பிரபலம்லாம் இல்ல. சின்னதா சமையல் சேனல் வெச்சிருக்கேன். குழம்பு வெக்கிற வீடியோவுல வந்து என் பல்லைப் பத்தி எழுதுறாங்க. முகத்தைக் காட்டாம போட்டுடலாமான்னு இருக்கு.

உங்கள் நிலைமை பெரிய நடிகையைவிடக் கஷ்டமானது சுமதி. அவருக்கு நடுவில் நான் இருக்கிறேன், உங்களுக்கு யாரும் இல்லை. எண்பது கமெண்டில் மூன்று பல்லைப் பற்றி என்றாலும் அந்த மூன்றுதான் ராத்திரி நினைவில் நிற்கும்.

யூடியூப் ஸ்டுடியோவில் Blocked words என்று ஒரு இடம் இருக்கிறது. பல் சம்பந்தப்பட்ட சொற்களை அங்கே போடுங்கள், அவை உங்கள் ஒப்புதலுக்காக நிற்கும். திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களுக்கு Hide user from channel. அப்புறம், நிற்கிற கமெண்டுகளை நீங்கள் பார்க்காதீர்கள். வீட்டுக்காரரோ மகளோ வாரத்துக்கு ஒருமுறை பார்த்து நீக்கட்டும்.

முகத்தை மறைப்பது பற்றி: கையை மட்டும் காட்டி ஓடுகிற சேனல்கள் நிறைய இருக்கின்றன, தப்பே இல்லை. ஆனால் முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வடிகட்டியைப் போட்டு ஒரு மாதம் ஓடட்டும். அப்போதும் கேமரா முன்னால் வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள்.

நிவேதா: பதில் சொல்லாதீங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. சமந்தா பதில் சொன்னாங்களே?

சொன்னார், அதுவும் நன்றாகவே சொன்னார். 2022 அக்டோபரில் தனக்கு மயோசைட்டிஸ் என்கிற தசை நோய் இருப்பதை அவரே வெளியிட்டார். 2023 ஜனவரியில் ஒரு பட விழாவுக்கு வந்தபோது, அவருடைய பொலிவெல்லாம் போய்விட்டது, பாவம் என்று ஒருவர் ட்விட்டரில் எழுதினார். என்னைப்போல மாதக்கணக்கில் சிகிச்சையும் மருந்துமாகக் கிடக்கும் நிலை உங்களுக்கு ஒருபோதும் வராமல் இருக்கட்டும், உங்கள் பொலிவுக்கு என் அன்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் எழுதினார்.

அதில் தான் அழகாகத்தான் இருக்கிறேன் என்று வாதாடவில்லை. தோற்றத்தைப் பற்றி வாதாடினால் மற்றவர்கள் தீர்ப்பு சொல்ல வந்துவிடுவார்கள். நோயும் ஏற்கெனவே அவரே சொல்லியிருந்தது. ஒரு கமெண்டுக்குப் பதிலாக, வாயை அடைப்பதற்காக, முதன்முறையாக நோயைச் சொல்ல நேர்ந்தால் பிறகு வருத்தமாக இருக்கும். அந்தரங்கத்தை விலையாகக் கொடுத்துத்தான் மரியாதை வாங்க வேண்டுமா?

இருந்தாலும் எங்கள் தொழிலில் இதில் ஒரே கருத்து கிடையாது. பதில் சொன்னால் அந்தக் கமெண்டுக்கு இன்னும் பத்து மடங்கு பார்வை கிடைக்கிறது என்பது என் கவலை. சும்மா இருந்தால் உள்ளுக்குள் அரிக்கிறது, ஒருமுறை சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது என்று சொன்ன நடிகைகளும் உண்டு. அவர்கள் சொல்வதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஜோசப்: கேஸ் போட முடியாதா?

"குண்டு" என்றதற்கு மட்டும் பெரும்பாலும் நிற்காது. புண்படுத்தும் இணையப் பதிவுகளுக்கு முன்பு போட்டுக்கொண்டிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இலேயே ரத்து செய்துவிட்டது. ஆபாசம், மிரட்டல், மார்ஃபிங் படம், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது என்றால் கதை வேறு. cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, பதிவின் லிங்க், கணக்கின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். கோபத்தில் முதலில் நீக்கிவிட்டு அப்புறம் ஆதாரம் தேடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

பெயர் வேண்டாம்: போன வருஷம் ஒரு ஆங்கர் பத்தி நானும் அப்படி ஒண்ணு எழுதினேன். இப்ப உறுத்துது. மெசேஜ் பண்ணி மன்னிப்பு கேக்கட்டுமா?

முதலில் அந்தக் கமெண்டை நீக்குங்கள். வேறெங்காவது பகிர்ந்திருந்தால் அதையும் நீக்குங்கள். மெசேஜ் அனுப்பினால், அவர் மறந்துபோயிருக்கக்கூடிய அந்த வரியை நீங்களே திரும்ப அவர் கண் முன்னால் வைக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி வரும் மன்னிப்புக் கடிதங்களில் பாதிக்கு மேல், "பரவாயில்லை" என்று அவரிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்க்கின்றன. அந்த வேலையையும் அவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் உங்களுக்கு அப்போதே பதில் எழுதியிருந்தால் மட்டும், அதற்குக் கீழேயே, எல்லோரும் பார்க்க, ஒரே வரியில் கேளுங்கள்.