திருநள்ளாற்றை விட்ட சுற்றுலா

"ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். கும்பகோணத்திலிருந்து வேன், நாலு பேருக்கு 4,800 ரூபாய். திருநள்ளாற்றுக்குப் போகவே இல்லை. கேட்டால், நடை சாத்திவிட்டார்கள் என்கிறார்கள். அம்மா வந்ததே அதற்காகத்தான். வேனில் ஏசி ஓடவில்லை, டிரைவர் மரியாதையில்லாமல் பேசினார். இப்போது 500 ரூபாய் தருகிறோம், 'புகார் எதுவும் இல்லை' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள் என்கிறார்கள். புகார்க் கடிதம் எப்படி எழுதுவது?"
— வாசகி, மயிலாடுதுறை

ஏசியையும் டிரைவரையும் கடிதத்தில் சேர்க்காதீர்கள். உங்கள் வழக்கு நோட்டீஸில் அச்சான 'ஒன்பது' என்ற சொல்லில்தான் நிற்கிறது. ஒன்பதைச் சொல்லி எட்டைக் காட்டியது சேவைக் குறைபாடு. மத்தியானம் நடை சாத்துவது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். நவக்கிரக வேன் ஓட்டுபவர் அதைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்பியிருக்க வேண்டும். நோட்டீஸ், ரசீது நகல்களோடு, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

நான் பயப்படுவது அந்த 500 ரூபாய்க்குத்தான். 4,800-ஐ ஒன்பதால் வகுத்தால் 533. ஒரு கோயிலுக்கான காசைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் கையாலேயே வழக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஜிபேயில் பணம் வந்ததும் "சரி, முடிஞ்சது" என்று பதில் போட்டுவிட்டார். அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டியது அந்த ஸ்கிரீன்ஷாட்டைத்தான். மிரட்டியோ ஏமாற்றியோ எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. அவரால் முடியவில்லை. பணம் தானாக வந்து விழுந்தால், "இதைப் பகுதித் தொகையாக மட்டுமே ஏற்கிறேன், மீதிக் கோரிக்கை நிற்கிறது" என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. கடிதமும் பதிலுமாக இழுத்துக்கொண்டே போகாதீர்கள். பயண நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

எவ்வளவு கேட்பது? எட்டுக் கோயில் பார்த்தபின் முழு 4,800-ஐயும் கேட்டால் ஆணையம் ஏற்பது கடினம். திருநள்ளாற்றுக்காகவே வருகிறோம் என்று பணம் கட்டும்முன் அவர்களுக்கு மெசேஜ் போட்டிருக்கிறீர்களா? இருந்தால் அதைக் கடிதத்தோடு இணைத்து நஷ்டஈடும் கேளுங்கள். அது இல்லாமல், அம்மாவின் வேண்டுதல் அவர்களுக்குத் தெரியும் என்று காட்ட வழியில்லை.

மெசேஜ் இல்லையென்றால், என் யோசனை, 2,000 கேட்டு 1,500-க்கு இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போகும். அந்தப் பணம் அம்மாவைக் காரில் திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போய் வர உதவும். ஆனால் பணம் கைக்கு வந்த பிறகுதான் 'புகார் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.