'ஹவ் ஆர் யூ?' என்றால் என்ன சொல்வது?

"அமெரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமலே போய்விடுகிறார்களே, ஏன்?"

அது வணக்கம். நம் ஊரில் "என்ன, சாப்பிட்டாச்சா?" என்பதற்கு யாரும் குழம்பையும் கூட்டையும் விவரிப்பதில்லையே, அதுபோல.

சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் 1975-ல் இதற்குக் காரணம் சொன்னார். நீங்கள் "மோசம்" என்றால், கேட்டவர் "என்னாச்சு?" என்று கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் நெருக்கம் எல்லோருக்கும் இருக்காது. காபிக் கோப்பையோடு மீட்டிங்குக்கு ஓடுபவரை அப்படி நிறுத்திவிட்டால் இருவருக்கும் சங்கடம்தான்.

அதனால் நடந்தபடியே "குட், தாங்க்ஸ். ஹவ் ஆர் யூ?" என்றால் போதும். திருப்பிக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதுதான் பதில் வணக்கம்.

மனசு சரியில்லை, பொய் சொல்லவும் விருப்பமில்லை என்றால் "ப்ரிட்டி குட்" என்று கொஞ்சம் இறக்கிச் சொல்லலாம். பின்னால் ஏதோ இருக்கிறது என்பதற்கு அது பல சமயம் முன்குறிப்பு என்று உரையாடல் ஆய்வாளர் கெயில் ஜெஃபர்சன் காட்டியிருக்கிறார். நெருங்கியவர் நின்று, "ஏன், என்ன?" என்பார். அப்போது மனசு விட்டுச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் மட்டும் கவனம். வாசலில் கேட்பது வணக்கம். உட்கார்ந்தபின் கேட்பது கேள்வி. அங்கே பழக்கத்தில் "ஃபைன்" என்று சொல்லிவிடாதீர்கள்.