ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வலைப்பூ: முதலில் லேபிள் பட்டியல், பிறகு மற்றவை

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இலக்கணம், இலக்கியம், ஊர் வரலாறு என்று நிறைய கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறார். அவற்றை வகை பிரித்து ஒரு வலைப்பூவில் போட ஆசைப்படுகிறார். கணினி அவ்வளவாகத் தெரியாது. எப்படித் தொடங்கிக் கொடுப்பது?

பதில்:

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் தொடங்குங்கள். செலவு இல்லை, ஆண்டுதோறும் எதையும் புதுப்பிக்க வேண்டாம், எழுதும் திரையும் எளிமையானது. வேர்ட்பிரஸ் தளத்தில் வகைக்குள் உள்வகை என்று அடுக்க முடியும், பிளாகரில் முடியாது. ஆனால் அந்த அடுக்கு உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கணக்கை அவர் பெயரில், அவருடைய செல்பேசி எண்ணில் தொடங்குங்கள். பிறகு `Settings` பகுதியில் உங்களையும் நிர்வாகியாகச் சேர்த்துக்கொண்டால், வெளியூரில் இருந்துகூட நீங்கள் திருத்தம் செய்து கொடுக்கலாம்.

கணக்குத் தொடங்குவது பத்து நிமிட வேலை. உண்மையான வேலை, வகை பிரிப்பதுதான். பிளாகரில் வகைக்கு லேபிள் என்று பெயர். எழுதும் திரையின் வலப்பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் தட்டச்சு செய்தால் புது லேபிள் பிறந்துவிடும். இந்த எளிமையில்தான் சிக்கலே இருக்கிறது. ஒரு நாள் "இலக்கணம்" என்றும், மறுநாள் "தமிழ் இலக்கணம்" என்றும், அடுத்த வாரம் "இலக்கணக் கட்டுரைகள்" என்றும் எழுதினால் மூன்று தனித்தனி லேபிள்கள் வந்துவிடும். ஒன்றில் இருக்கும் கட்டுரை மற்றொன்றில் தெரியாது. லேபிளுக்குப் பெயர் மாற்றும் வசதியும் கிடையாது. பதிவுகளைத் தேர்ந்தெடுத்துப் புதிய லேபிளைச் சேர்த்து, பழையதை நீக்கத்தான் முடியும்.

என் பெரியப்பாவும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்தான். அவருக்கு வலைப்பூ அமைத்தபோது கணினியைத் திறப்பதற்கு முன்பே கட்டுரைத் தாள்களை எல்லாம் கூடத்தில் பரப்பி, குவியல் குவியலாகப் பிரித்தோம். கடைசியில் ஐந்து குவியல் நின்றது: இலக்கணம், இலக்கியம், ஊர் வரலாறு, வகுப்பறை, நூல் அறிமுகம். இரண்டே தாள்கள் இருந்த குவியல்களைப் பக்கத்துக் குவியலோடு சேர்த்துவிட்டோம். ஐந்து கட்டுரையாவது தேறாத தலைப்புக்குத் தனி லேபிள் வேண்டாம் என்பது என் கருத்து. திறந்து பார்க்கும் வாசகருக்கு அது ஆளில்லாத அறையாகவே தெரியும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழ் பற்றி வரும் செய்திகளை வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். "இதை இலக்கியத்தில் வைப்பதா, இசை என்று புதிதாக ஒன்று தொடங்குவதா?" என்று கேட்டார். "இசையைப் பற்றி இன்னும் எழுதுவீர்களா பெரியப்பா?" என்றேன். "இது ஒன்றுதான்" என்றார். ஆகவே இலக்கியத்திலேயே வைத்தோம். ஒரு கட்டுரைக்கு ஒரு லேபிள் என்று முடிவு செய்துகொண்டால் இத்தகைய கேள்விகளுக்கு விரைவில் விடை கிடைத்துவிடும். இரண்டு வகையிலும் உண்மையாகவே பொருந்துகிற கட்டுரைக்கு மட்டும் இரண்டு லேபிள் கொடுக்கலாம்.

தமிழ் லேபிள்களில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். லேபிள் கட்டத்தில் காற்புள்ளி வைத்தால் அது பிரிப்பான். "இயல், இசை, நாடகம்" என்று எழுதினால் மூன்று லேபிள்கள் உண்டாகும். அடுத்தது எழுத்து. "பௌத்தம்" என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து "பெளத்தம்" என்று தட்டச்சு செய்வார்கள். படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். இதற்கெல்லாம் ஒரே தீர்வு, முதல் நாளே எல்லா லேபிள்களையும் சரியாக உருவாக்கிவிடுவது. அதன் பிறகு அப்பா லேபிளைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். கட்டத்தின் கீழே வரும் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்து, லேபிள்கள் வாசகர் கண்ணில் பட வேண்டும். பிளாகரில் லேபிள் பட்டியலைக் காட்டும் கருவி ஒன்று உண்டு, ஆனால் நான் அதை நம்புவதில்லை. `Simple` போன்ற பழைய வார்ப்புருக்களில் அது செல்பேசித் தோற்றத்தில் இயல்பாகத் தெரியாது; `Contempo` போன்ற புதியவற்றில் ஓரப் பட்டிக்குள் ஒளிந்திருக்கும். வாசகர்களில் பெரும்பாலோர் செல்பேசியில்தான் படிப்பார்கள். அதனால் `Layout` பகுதிக்குப் போய், `Pages` என்ற கருவியைத் தலைப்புக்குக் கீழே சேர்த்து, அதில் வெளி இணைப்பாக ஒவ்வொரு லேபிளின் முகவரியையும் கொடுங்கள். முகவரி இப்படி இருக்கும்:

```
https://உங்கள்முகவரி.blogspot.com/search/label/இலக்கணம்?max-results=20
```

"உங்கள்முகவரி" என்ற இடத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆங்கில எழுத்துப் பெயர் வரும். கடைசியில் உள்ள எண், ஒரே பக்கத்தில் எத்தனை கட்டுரைகள் வர வேண்டும் என்பதற்கு. நீளமான கட்டுரைகளில் முதல் பத்திக்குப் பிறகு `Insert jump break` கொடுத்துவிடுங்கள். அப்போது லேபிள் பக்கத்தில் முன்னுரை மட்டும் வரும். மீதியைத் தொட்டுப் படிப்பார்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் கட்டுரையைத் தாண்டி இரண்டாவதற்கு வரவே வாசகர் வெகுநேரம் விரலால் தள்ள வேண்டியிருக்கும்.

லேபிள் பக்கத்துக்கு ஒரு குறை உண்டு: எப்போதும் புதியது மேலே, பழையது கீழே. நினைவுக் கட்டுரைகளுக்கு இது தடையில்லை. ஆனால் ஆசிரியர்கள் பாடம்போலத் தொடராக எழுதுவார்கள். புணர்ச்சி பற்றி எட்டுப் பகுதி எழுதினால், வருகிறவர் எட்டாம் பகுதியில் நுழைந்து குழம்புவார். தொடருக்கு மட்டும் `Pages` பிரிவில் ஒரு தனிப் பக்கம் திறந்து, பொருளடக்கம் போல ஒன்று முதல் எட்டு வரை இணைப்புகளை வரிசையாக எழுதி வையுங்கள். மேல்பட்டியில் "இலக்கணம்" என்பதை லேபிளுக்குப் பதில் இந்தப் பக்கத்துக்கே இணைத்துவிடலாம். புதுப் பகுதி வரும்போது அதில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இந்தப் பொருளடக்கப் பக்கத்தால் இன்னொரு பயன் உண்டு. பிளாகர் இயல்பாகவே `/search` என்று தொடங்கும் பக்கங்களைத் தேடுபொறிகள் படிக்க வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறது. லேபிள் பக்கங்கள் அந்த வகையில் வருகின்றன. கட்டுரைகள் கூகுளில் கிடைக்கலாம், லேபிள் பக்கம் பெரும்பாலும் கிடைக்காது. பொருளடக்கப் பக்கத்துக்கு அந்தத் தடை இல்லை.

முகவரி விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளாகர் கட்டுரைத் தலைப்பை வைத்துத்தான் அதன் முகவரியை உருவாக்கும்; தமிழ் எழுத்துகளை அது விட்டுவிடும். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் கிடைப்பது `blog-post.html`, அடுத்ததற்கு `blog-post_14.html` என்பது போன்ற முகவரிகள்தாம். எது எந்தக் கட்டுரை என்று யாருக்கும் தெரியாது. வெளியிடும் முன்பு `Permalink` என்பதைத் திறந்து, `Custom Permalink` தேர்ந்தெடுத்து, `yaazh-silappathikaram` என்பது போல ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். அங்கே தமிழ் எழுத்தை ஏற்காது. வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை மீண்டும் வரைவாக்க வேண்டும். அதற்குள் வாட்ஸப்பில் போன பழைய இணைப்பு வேலை செய்யாது. தனிப் பக்கங்களுக்கு இந்த வசதியே இல்லை. அவற்றுக்கு முதலில் ஆங்கிலத் தலைப்பு கொடுத்து வெளியிட்டு, பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள். முகவரி முதலில் வந்தபடியே நிற்கும்.

பழைய கட்டுரைகள் கணினியில் இருந்தால், அவை எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை வேர்ட் கோப்பில் அழகான தமிழாகத் தெரியும். வலைப்பூவில் ஒட்டியதும் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று ஆகிவிடும். இப்படி வந்தால் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும் என்று பொருள். இதற்கு இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்ப்பது நல்லது. மேற்கோள் குறிகளும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் கெட்டிருக்கக்கூடும். மெய்ப்புப் பார்ப்பதை அப்பாவிடமே விடுங்கள். அவர் கண்ணுக்குத் தப்பாது.

வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது Ctrl, Shift, V மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். சாதாரணமாக ஒட்டினால் வேர்டின் எழுத்தளவும் வரி இடைவெளியும் கூடவே வந்து, ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் தெரியும்.

முன்பே இதழ்களில் வந்த கட்டுரைகளைச் சிலர் பழைய தேதியிட்டு வெளியிடுவார்கள். பிளாகர் அனுமதிக்கும்தான், ஆனால் அந்தப் பதிவு அடியில் போய் விழும். முகவரியிலும் பழைய ஆண்டே வரும். 1994-இல் வந்த கட்டுரையை இன்று போட்டால் இன்றைய தேதியே இருக்கட்டும். எந்த இதழில், எந்த மாதம் வந்தது என்பதைக் கட்டுரையின் கீழே ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு. `Settings` பகுதியில் `Back up content` என்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அதன் வழியாக எழுத்து முழுவதையும் இறக்கிவைத்துக்கொள்ளலாம். படங்களுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். கட்டுரைகளின் மூலக் கோப்புகளையும் படங்களையும் அதே ஐந்து லேபிள் பெயர்களில் ஐந்து கோப்புறைகளாகக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவற்றை நூலாக்க வேண்டுமென்றாலும் அந்தக் கோப்புறைகளே பகுதிகளாகிவிடும்.