புது மேனேஜரின் முதல் வாரம்: வாசகர் கேள்விகள்

திங்கட்கிழமை 8 பேர் டீமுக்குப் பொறுப்பேற்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். மொத்தம் 4 மணி நேரம்தான், புதன்கிழமைக்குள் முடித்துவிடலாம். கையில் என்ன வேலை இருக்கிறது, எது தடையாக நிற்கிறது, எதை மாற்றவே கூடாது, பழைய மேனேஜர் ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கிறாரா? எல்லோரிடமும் இதே நான்கைக் கேளுங்கள். அப்போதுதான் பதில்களை ஒப்பிட முடியும். மூன்று பேர் ஒரே தடையைச் சொன்னால் அதுதான் உங்கள் முதல் வேலை.

பழைய மேனேஜர் பதவி உயர்வு தருவதாகச் சொன்னார் என்கிறார் ஒருவர். என்ன சொல்வது?

அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். யார், எப்போது, என்ன சொன்னார் என்று அவர் எதிரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலதிகாரியிடமும், முடிந்தால் பழைய மேனேஜரிடமும் விசாரியுங்கள். பதில் சொல்லும் தேதியை அவரிடம் சொல்லிவிட்டு, முடிவு இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் போய்ப் பேசுங்கள்.

தினமும் காலையில் முக்கால் மணி நேர மீட்டிங் நடக்கிறது. வெட்டி வேலை. முதல் நாளே நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! இன்னும் உள்ளேயே போகவில்லை, வெட்டி வேலை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

நானும் ஒரு டீமில் இதைச் செய்திருக்கிறேன். இரண்டாம் நாளே காலை மீட்டிங்கை நிறுத்தினேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். மூன்றாவது வாரம், சோதிக்காத ஒரு மாற்றம் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. முந்தைய நாள் என்னென்ன மாறியது என்பது சோதனை செய்பவருக்கு அந்த மீட்டிங்கின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டிருந்தது. வேறு எங்கும் அது எழுதப்படவில்லை.

அதனால் ஒரு வாரம் பேசாமல் உட்கார்ந்து கவனியுங்கள். யார் யாரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று எழுதுங்கள். ‘இது நின்றால் யாருக்கு எது தெரியாமல் போகும்?’ என்று டீமையே கேளுங்கள். அப்புறமும் குறைக்கத் தோன்றினால், மூன்றாவது வாரம் நேரத்தைப் பாதியாக்கி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆள் பாதுகாப்பு, சட்டம் சம்பந்தப்பட்ட தவறு கண்ணில் பட்டால் மட்டும் அன்றே நிறுத்துங்கள்.

இதே பதவிக்கு விண்ணப்பித்துக் கிடைக்காதவர் என் டீமில் இருக்கிறார்.

அவரை முதல் நாளே சந்தியுங்கள். விஷயம் தெரியும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், ‘அடுத்தது உங்களுக்குத்தான்’ என்று வாக்கும் தர வேண்டாம். எந்த வேலையை முழுப்பொறுப்பாக நடத்த விரும்புகிறார் என்று கேளுங்கள்.

முதல் வாரத்துக்கு ஒரு திட்டம் அனுப்பவும். அவசரம்.

எத்தனை பேர், என்ன வேலை, முன்னவர் ஏன் போனார்? ஒன்றுமே எழுதவில்லை. இவற்றை எழுதி அனுப்பினால் பதில் சொல்கிறேன்.

விடுப்பு, பில் ஒப்புதல் எல்லாம் இன்னும் பழையவர் பெயருக்கே போகிறது. காத்திருக்கலாமா?

கூடாது. முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள். அவர் பெயரில் ஏற்கெனவே தேங்கிக் கிடப்பவற்றின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பெயரை மாற்றினாலும் பழைய கோரிக்கைகள் பெரும்பாலும் தானாக உங்களிடம் வந்துசேராது.