மடங்கிய பெருவிரல்: எப்போது மறுபடி ஓடலாம்?

“டாக்டர், எனக்கு 20 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் செயற்கைப் புல்தரையில் உதைபந்தாட்டம் ஆடும்போது, பந்துக்காகப் பாய்ந்த வேகத்தில் வலது கால் பெருவிரல் மேல்நோக்கி மடங்கிவிட்டது. விரலின் அடிப்பக்கம் வீங்கி நீலமானது. மாமா விரலை இழுத்துச் சொடக்கெடுத்து எண்ணெய் தேய்த்தார். எட்டாம் நாள் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஆடினேன், வலி கூடிவிட்டது. இப்போது நடக்கலாம், ஓடினால் குத்துகிறது. இணையத்தில் கவுட் என்று போட்டிருந்தது. இரத்தத்தில் யூரிக் அமிலம் 7.1. பருப்பும் இறைச்சியும் விட்டுவிட்டேன். ஸ்டீரோய்ட் ஊசி போட்டால் அடுத்த மாதச் சுற்றுப்போட்டியில் ஆடலாம் என்கிறான் நண்பன். விரல் இப்படியே விறைத்துப்போய்விடுமா?”

தம்பி, பருப்பையும் இறைச்சியையும் இன்றைக்கே சாப்பிடத் தொடங்குங்கள். யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் பெரும்பாலும் நள்ளிரவில், அடி எதுவும் படாமலே வரும். விரல் சிவந்து கொதிக்கும், போர்வை உரசினாலே துடிக்க வைக்கும். உங்கள் வயதில் அது அரிது. 7.1 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் கவுட் என்று சொல்லமாட்டார். இணையத்துக்கு உங்கள் விரல் மடங்கிய கதை தெரியாது, எண் மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு நேர்ந்ததை விளையாட்டு மருத்துவத்தில் டர்ஃப் டோ என்கிறோம். குதிகால் உயர்ந்து, பாதத்தின் முன்பகுதி தரையில் ஊன்றியிருக்கும்போது உடலின் பாரம் முழுவதும் முன்னால் தள்ளுகிறது. செயற்கைப் புல்லில் சப்பாத்து வழுக்காமல் பிடித்துக்கொள்வதால், பெருவிரல் தன் எல்லைக்கு மேல் வளைகிறது. அந்த மூட்டின் அடியில் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் கடலை அளவான இரண்டு சிறு எலும்புகள் பதிந்திருக்கின்றன. ஓடும்போது உந்தித் தள்ளும் விசையைத் தாங்குவது இந்த அமைப்புத்தான். அது வெறுமனே இழுபட்டதா, பாதி கிழிந்ததா, முழுவதும் அறுந்ததா என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

வீக்கத்தையும் நீலத்தையும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வலியின் அளவும் நம்ப முடியாதது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் பெருவிரலால் தரையைக் கீழ்நோக்கி அழுத்த முடிகிறதா?

வீட்டிலேயே பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து, இரு பாதங்களையும் தரையில் பதித்து, ஒரு துண்டுத் தாளை இடது பெருவிரலுக்கு அடியில் வையுங்கள். விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வேறொருவர் தாளை இழுக்கட்டும். பிறகு வலது காலில் அதையே செய்யுங்கள். வலித்தாலும் தாள் பிடிபட்டு நின்றால் நார்ப்பட்டை இன்னும் இணைந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். தாள் எதிர்ப்பே இல்லாமல் உருவி வந்தால், அல்லது எழுந்து நிற்கும்போது அந்த விரல் மற்றக் கால் விரலைவிட மேலே தூக்கிக்கொண்டோ பக்கவாட்டில் சாய்ந்தோ நின்றால், இந்த வாரமே எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். முழுவதும் அறுந்த பட்டையைத் தைக்க வேண்டியிருந்தால் முதல் சில வாரங்களில் செய்வது எளிது. நாள் போகப்போக அறுந்த முனைகள் விலகிச் சுருங்கிவிடும். விறைத்த மூட்டு, கோணலான விரல் என்று நீங்கள் பயப்படுவதெல்லாம் கவனிக்காமல் விட்ட இத்தகைய காயத்தில்தான் பின்னாளில் வருகிறது.

எக்ஸ்ரே எடுப்பதாக இருந்தால் நின்றபடி, இரண்டு பாதங்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அடிபட்ட காலை மட்டும் படுக்கவைத்து எடுத்த படத்தில் எலும்பு முறியவில்லை என்று தெரியும், அதற்கு மேல் அதிகம் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால், அந்தச் சிறு எலும்புகள் வலது காலில் மட்டும் குதிகால் பக்கமாக நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். நகர்ந்திருந்தால் பட்டை அறுந்திருக்கிறது என்று பொருள். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. உண்டு. சிறு எலும்பு இரண்டாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் உடனே கலங்கவேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான் இருக்கும்.

இனி நாட்கணக்கு. இழுபட்டது மட்டும் என்றால் விரலைப் பட்டி போட்டுக் கட்டி ஒரு வாரத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்பலாம். பாதி கிழிந்தால் குறைந்தது இரண்டு மூன்று வாரம், பலருக்கு ஆறு வாரம் வரை போகும். முழுவதும் அறுந்தால் பாதத்தை அசையாமல் வைப்பதற்கே வாரக்கணக்கு ஆகும். பழையபடி ஆட நான்கு முதல் ஆறு மாதம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பாதிக் கிழிவுபோல் தெரிகிறது. ஆனால் எட்டாம் நாள் மாத்திரை போட்டு ஆடினீர்களே, அன்றோடு கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது. ஆகவே உங்களுக்கு இது மூன்றாம் வாரம் அல்ல, இரண்டாம் வாரம்.

இந்த நாட்களில் விரல் மேல்நோக்கி வளையக் கூடாது, சிகிச்சையில் பாதி அதுதான். வீட்டிலும் தெருவிலும் இறப்பர் செருப்பு வேண்டாம். அது விரலோடு சேர்ந்து வளையும். அடிப்பகுதி விறைப்பான சப்பாத்துப் போடுங்கள். இரு கையால் பிடித்து மடக்கிப் பாருங்கள், முன்பகுதி எளிதில் மடங்கினால் அது உங்களுக்கு உதவாது. உள்ளே வைக்கும் விறைப்பான கார்பன் தகடும் கிடைக்கிறது. பட்டி போடும் முறையை இயன்மருத்துவரிடம் ஒருமுறை நேரில் பழகிக்கொள்ளுங்கள். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, நுனி நீலமாகி வருபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

மாமாவின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள், காலை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். கிழிந்த நாரை இழுத்துச் சொடக்கெடுத்தால் கிழிசல்தான் பெரிதாகும். ஸ்டீரோய்ட் ஊசியும் வேண்டாம். அது வலியை மறைக்கும், நாரையும் பலவீனமாக்கும். அரைக் கிழிவு முழுக் கிழிவாவதற்கு அதுவே போதும். டைக்ளோஃபெனாக்கை விளையாடுவதற்காக விழுங்கியதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. அதிலும் கொழும்பில் இருக்கிறீர்கள்: இடையில் காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து. பரசிட்டமோல் போதும்.

சுற்றுப்போட்டிக்குத் திகதி பார்த்து முடிவெடுக்காதீர்கள், விரலைப் பார்த்து முடிவெடுங்கள். கையால் மெதுவாக மேலே வளைத்தால் ஏறக்குறைய 60 பாகை வரை வலியில்லாமல் வரவேண்டும். அந்த ஒற்றைக் காலின் முன்பாதத்தில் எழுந்து நிற்க முடியவேண்டும். அதன்பின் மெதுவான ஓட்டம், நேரான வேக ஓட்டம், கடைசியாகத்தான் திடீரெனத் திரும்பிப் பாய்வது. ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். தாள் சோதனையில் தேறி, இந்தப் படிகளையும் தாண்டிவிட்டால் அடுத்த மாத இறுதியில் பட்டியோடு ஆடலாம். தாள் உருவி வந்தால் அணித்தலைவரிடம் இப்போதே சொல்லி, உங்கள் இடத்துக்கு வேறொருவரைப் போடச் சொல்லுங்கள்.